வெனிலாவின் நிறம்

பிஸ்கட் பெட்டி, தேயிலைப் பாக்கெட், ஊறுகாய்ப் புட்டி என்று இருபத்தாறு வருடங்களாக லேபிள்களுக்குப் படம் வரைந்து வந்ததால், அந்தத் தெருவில் அவளுக்கு டப்பாக்காரி என்றே பெயர். அவள் வரைந்த ஒரு படம் திருத்தச் சொல்லி இரண்டு முறை திரும்பி வந்தது அதுவே முதல் தடவை.

ஐஸ்கிரீம் டப்பாவின் படம் அது. பக்கத்தில் ஒரு கரண்டி, அதில் ஓர் உருண்டை. மூடிமேல் உறைபனி. மூன்றாம் முறை ஐஸ்கிரீம் செய்கிற பெண்ணே தெர்மோகோல் பெட்டியோடு காலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உருண்டையோட ஓரம் இளகி வழியிற இடம் இருக்கே, அதைப் பார்த்தா நாக்கு ஊறுது. ஆனா கலர்தான்..."

"கலருக்கு என்ன குறை?"

பதிலுக்கு அவள் ஒரு டப்பாவை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிக்காற்று பட்டதும் மூடிமேல் பனி வெளுத்துப் பூத்தது. மூடியைத் திறந்து ஓர் உருண்டை வழித்துப் போட்டாள்.

"இது வெனிலா. நான் சாயமே போடுறதில்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கா, நீங்களே சொல்லுங்க."

டப்பாக்காரி குனிந்து பார்த்தாள். உருண்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அச்சு அசலா இருக்கு" என்றாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க. நூலுக்கு நூல் கலர் பார்க்கிற ஆளு."

அவர் எழுந்து வந்தார். சொல்ல வாயெடுத்து, விழுங்கி, மறுபடி வாயெடுத்தார். "உன் படத்துல இருக்கிறது எலுமிச்சை மஞ்சள்மா. டப்பாவுல இருக்கிறது வெறும் தந்த நிறம். மூடியில பனியை நீ நீலமா போட்டிருக்க. அது வெள்ளைதான்."

"என்ன உளர்றீங்க?"

"நாலஞ்சு மாசமாவே பார்க்கிறேன். வெள்ளை நூல் கேட்டா சந்தன நூலை எடுத்துத் தர்ற. மனசு கஷ்டப்படுவியேன்னு நானே மாத்திக்கிட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. படம் தப்பாய்ப் போனதைவிட, தனக்குத் தெரியாமல் நூல் மாற்றப்பட்டதுதான் அதிகம் வலித்தது. தூரிகையைக் கழுவாமலே உள்ளே போய்விட்டாள். மேசையில் உருண்டையின் அடி இளகிப் பளபளத்தது. மூடியின் வெண்மை நீர்த்துளிகளாகி ஓடியது.

சற்று நேரம் கழித்து அவளே வெளியே வந்தாள். "வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கோம்மா."

"வேற ஆளு எனக்கு வேண்டாம்கா. முதல் நூறு டப்பாவுக்கு வெறும் பேரை மட்டும் அச்சடிச்சு ஒட்டிக்கிறேன். நீங்க முதல்ல கண்ணைக் காட்டுங்க."

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. "லென்ஸ் மஞ்சளாயிடுச்சு. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கிற மாதிரிதான். லேசான மஞ்சள் உங்களுக்குத் தெரியாது, அதனால கூடுதலா போடுவீங்க. நீலம் மங்கித் தெரியும், அதையும் கூடுதலா போடுவீங்க."

"அப்ப கை கெட்டுப் போகலையா டாக்டர்?"

"கைக்கு என்னம்மா?"

முதலில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த நாளில் வீட்டுச் சுவரெல்லாம் நீலம் பூசியது போலிருந்தது. கொஞ்ச நாளில் சரியாகும் என்று டாக்டர் சொன்னதால், சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு பொறுத்திருந்தாள். வாரங்கள் கழிந்து கண் பழகியதும் ஐஸ்கிரீம்காரியை அவளே வரச் சொன்னாள்.

இடது கண்ணால் பார்த்தாள். வெனிலா பழுப்பேறிக் கிடந்தது. வலது கண்ணால் பார்த்தாள். பால் சுண்டத் தொடங்கும்போது வருமே, அந்த நிறம்! ஐஸ்கிரீம்காரி கூடவே கொண்டுவந்திருந்த பிஸ்தா அவள் நினைத்திருந்த கிளிப்பச்சையே இல்லை. சாம்பல் கலந்த மங்கல் பச்சை. வாய்விட்டுச் சிரித்தாள்.

இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடிக்கொண்டு வரைய உட்கார்ந்தாள். உருண்டை நான்கைந்து நிமிடம்தான் நிற்கும். அதற்குள் ஓரத்தைப் பிடித்தாக வேண்டும். உறைந்த இடம் சொரசொரப்பாய், ஒளியில்லாமல். இளகிய இடம் மட்டும் ஈரமாய், மினுமினுப்பாய். உறைபனிக்கு நீலத்தைத் தொடவேயில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டு, விரல் பட்டுக் கரைந்த இடத்தில் மட்டும் மூடியின் நிறத்தைக் காட்டினாள். உருண்டை தளர்ந்ததும் அடுத்தது வந்தது. தளர்ந்தவற்றைத் தையல்காரர் ஒவ்வொன்றாய்க் காலி செய்தார்.

"இனிமே நூல் தப்பா எடுத்தா வாயைத் திறந்து சொல்லணும்" என்றாள், தலை நிமிராமல்.

"சரிம்மா."

"வாய் நிறைய ஐஸ்கிரீமை வச்சுக்கிட்டுச் சொன்னா எப்படி நம்புறது?"

மதியத்துக்குள் படம் முடிந்தது. ஐஸ்கிரீம்காரி அதைத் திறந்த டப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். படத்தின் மூடிமேல் விரலை வைத்துவிட்டு, சில்லென்று இல்லையே என்பது போல விரலையே பார்த்தாள்.

"இடது கண்ணுக்கு அடுத்த மாசம்" என்றாள் டப்பாக்காரி. "ஸ்ட்ராபெரி டப்பாவுக்கு அது முடிஞ்சப்புறம் வரைவோம். அந்த இளஞ்சிவப்பை ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும்."