தங்கத்தை விற்ற மறுநாள்

அந்த முதலீட்டு நிறுவனத்தில் ஆபத்தைக் கணக்கிடுபவள் அவள் ஒருத்திதான். மோசமான ஒரு நாளில் மொத்த முதலீடும் எவ்வளவு இழக்கக்கூடும் என்ற மதிப்பீடு ஒன்பது கோடியே எண்பது லட்சத்துக்கு ஏறியிருந்தது. வரம்பு பத்து கோடி.

“தங்கம் தனியாவே மூணு கோடி ஆபத்து. வித்துட்டுப் பணமா வெச்சுக்கலாம்,” என்றார் மேலாளர், காலைக் கூட்டத்தில்.

“வித்தா ஆபத்து கூடும் சார். பங்குகள் விழுறப்போ தங்கம் ஏறுது. மொத்தத்துல எது எவ்வளவு சேர்க்குதுன்னு பிரிச்சுப் பார்த்தேன். தங்கம் அறுபது லட்சத்தைக் குறைக்குது. முழுசா வித்துட்டா அதைவிட அதிகமாவே ஏறும். வங்கிப் பங்குல போட்ட ஒவ்வொரு ரூபாயும்தான் ஆபத்தை அதிகமா ஏத்துது. அதைக் குறைங்க.”

வங்கிப் பங்குகள் மேலாளரே பார்த்துப் பார்த்து வாங்கியவை. கூட்டத்தில் இருந்த எல்லோரும் மேலாளர் சொன்னதற்கே தலையாட்டினார்கள். தங்கம் விற்கப்பட்டது.

மறுநாள் மதிப்பீடு வரம்பைத் தாண்டிப் பத்து கோடியே எழுபது லட்சம். மேலாளர் தங்கத்தைத் திரும்ப வாங்கினார். வங்கிப் பங்குகளையும் குறைத்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை. மதியம் அவளைக் கூப்பிடாமலே எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள்.

அவள் அக்காவை அழைத்தாள். “அக்கா, நான் சொன்னதுதான் சரியாப் போச்சு.”

“எதுடி?”

சொல்லத் தொடங்கினாள்.

“இரு, அடுப்புல பால் பொங்குது. அப்புறம் கூப்பிடறேன்.”

போனை மேசைமேல் வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். அழைப்பு வரவில்லை.