கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று

ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்றால் இசக்கித்தாய்க்கு அத்துப்படி. புருசன் சங்கரசுப்புவுக்கு நாலு வருசம் டயாலிசிஸ் பார்த்த கை அது. அவன் போனபின் வீட்டில் மிஞ்சிய ஒரே துணை அவன் வளர்த்த நாய் ராக்கி. அதுவும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுருண்டு படுத்தபோது அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சங்கரன்கோவில் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் லட்சுமிப்ரியா ரத்தம் எடுத்து, மனுசர்களுக்குப் பார்க்கும் லேப்புக்கே அனுப்பினாள். "நாளைக்கே ரிப்போர்ட்டோட வந்துருங்க அக்கா. பாத்துட்டு மருந்து தொடங்குவோம்" என்றாள்.

அன்று வியாழன். சாயங்காலமே ரிப்போர்ட் போனுக்கு வந்தது. இசக்கித்தாயின் கண் நேரே கிரியாட்டினினுக்குப் போனது. ஒன்று புள்ளி ஒன்று. கிட்னிக்குக் குறையில்லை! புருசனுக்கு எட்டும் பத்தும் பார்த்தவளுக்கு உயிர் திரும்பி வந்தது. லிவருக்குப் பார்க்கும் எஸ்ஜிபிடி எண்பத்திரண்டு, பக்கத்தில் சிவப்புக் குறி. மஞ்சள் காமாலைதான் என்று தானே முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் புகட்டினாள். ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு என்றிருந்ததைப் பார்க்காமலில்லை. புருசனுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். தட்டணுக்கள் வரியை அவள் படிக்கவேயில்லை.

திங்கள் காலை ராக்கியின் மூக்கில் ரத்தம் வடிந்தது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"இதுல போட்டிருக்க நார்மல் அளவெல்லாம் மனுசனுக்குள்ளது அக்கா. நாய்க்கு எஸ்ஜிபிடி எண்பத்திரண்டு பெரிசில்ல. லிவரும் கிட்னியும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு பதினாலாயிரம்தான் இருக்கு. ரெண்டு லட்சமாவது இருக்கணும். ரத்தமும் பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. இது உண்ணிக் காய்ச்சல் மாதிரி தெரியுது."

"எங்க வீட்டு அவுகளுக்கு டயாலிசிஸ் நடக்கும்போது ரத்தம் அஞ்சுக்கு வந்தப்பவும் நடமாடிக்கிட்டுதான இருந்தாவ?"

"அவருக்கு மாசக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா குறைஞ்சுது, உடம்பு பழகிக்கிடுச்சு. இதுக்கு ஒரே வாரத்துல இறங்கியிருக்கு."

ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் வேறு நாயின் ரத்தம் ஏற்றலாமா என்று டாக்டர் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் ராக்கியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இசக்கித்தாய் அதன் பெயரைச் சொன்னாள். வால் ஒருமுறை மேசையில் தட்டியது. பிறகு அசையவில்லை.

"வெள்ளிக்கிழமையே வந்திருந்தா பிழைச்சிருக்குமா?"

லட்சுமிப்ரியா பொய் சொல்லவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்துச்சு."

இசக்கித்தாய் நாயின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதீங்க அக்கா. நீங்க தெரியாமத்தான செஞ்சீங்க" என்றாள் டாக்டர்.

"தெரியாமலா? ஒண்ணும் தெரியாதவளா இருந்திருந்தா மறுநாளே உங்ககிட்ட வந்து நின்னிருப்பேனே, டாக்டரம்மா."