நகரக்கூடாத புள்ளி

கணினி ஆய்வகம் மூட இருபது நிமிடம்தான் இருந்தது. அதற்குள் பயிற்சியைக் காட்டாவிட்டால் விரிவுரையாளர் என்னைத் தேர்வு எழுத விடமாட்டார். நின்ற இடத்திலேயே இரு மடங்காகிக் கால் வட்டம் திரும்ப வேண்டிய என் காற்றாடிப் படம், திரையை விட்டே போயிருந்தது.

"உன் காத்தாடி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. வகுப்பில் அவளுக்கு மௌனச்சாமி என்று பெயர். அந்த வாரம் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சிரிக்காத தாயே. நகர்த்துறது, பெருசாக்குறது, திருப்புறது, ஒவ்வொண்ணுக்கும் போட்ட மேட்ரிக்ஸ் சரியாத்தான் இருக்கு."

"இதுல எந்தப் புள்ளி நகரக்கூடாது?"

"நடுப்புள்ளி. நாலு, மூணு."

அந்த ஒரு புள்ளியை மட்டும் தாளில் எழுதி, என் மேட்ரிக்ஸ்களால் வரிசையாகப் பெருக்கினாள். நாலு, மூணு என்றே வரவேண்டியது மைனஸ் பதினாறு, பதின்மூன்று என்று வந்தது.

"நடுப்புள்ளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர்ற மேட்ரிக்ஸைப் பெருக்கல் வரிசையோட இடது கோடியில எழுதியிருக்க. புள்ளி நிக்கிறது வலது கோடியில. அதை ஒட்டி இருக்கிறதுதான்டா முதல்ல வேலை செய்யும்."

இரு கோடியிலும் இருந்த மேட்ரிக்ஸ்களை இடம் மாற்றினேன். காற்றாடி தன் இடத்திலேயே பெருத்துத் திரும்பி நின்றது.

விரிவுரையாளர் பார்த்துக் கையெழுத்திட்டார். நான் மதியம் முழுக்கக் காற்றாடியின் பன்னிரண்டு முனைகளைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவளோ அசையக்கூடாத ஒன்றைப் பற்றித்தான் கேட்டாள். நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் மறுபடியும் தன் திரைக்குள் போய்விட்டிருந்தாள்.