இரண்டு பத்திரகாளி, ஒரே பிடிஎஃப்

ஆளுக்கு ஒன்றாக இருக்கும் எண்பத்தாறு எக்செல் ஷீட்டை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்க சுகுணாவுக்கு முன்பெல்லாம் அரை நாள் பிடிக்கும். இப்போது ஒரு பட்டன்தான். நெட்டைப் பார்த்து அவளே எழுதிய மேக்ரோ. முதல் ஷீட்டிலிருந்து கடைசி ஷீட் வரை வரிசையாகப் போய், ஒவ்வொன்றையும் தனிப் பிடிஎஃப் ஆக்கி, அந்த ஷீட்டின் பி2 கட்டத்தில் இருப்பதையே ஃபைலுக்குப் பெயராக வைத்துவிடும். கோவில்பட்டியில் சின்ன மருத்துவ லேப் வைத்திருக்கும் ஜான்பீட்டர், வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமை யாரைத்தான் விட்டது!

பி2-வில் இருப்பது டோக்கன் நம்பர். இந்த முறை பசுவந்தனை ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் வேலையாட்களுக்கு மருத்துவ முகாம் முடிந்ததும் ஜான்பீட்டர்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நம்பர் போட்டு அனுப்புனா அவிய என்னத்தக் கண்டாவ? பேரப் போட்டு அனுப்பு. சூப்பர்வைசரு பேரப் பாத்துக் குடுத்துருவாரு."

பேர் இருப்பது பி3-ல். மேக்ரோவில் 2 என்பதை அடித்துவிட்டு 3 என்று போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. காலை பத்தரைக்குப் பட்டனை அமுக்கி, வந்த ஃபைல்களை மொத்தமாக சூப்பர்வைசர் இசக்கிராஜாவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

மூன்று மணிக்கு ஜான்பீட்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். வெயிலில் வந்த முகம் கறுத்திருந்தது.

"அந்த ஈசிஜி அம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாளா? டாக்டரு கேக்காரு. ரிப்போர்ட்டுல உடனே போகணும்னு எழுதியிருக்காராம்லா?"

"எந்த அம்மா சார்?"

"பத்திரகாளி. அம்பத்திரண்டு வயசு."

சுகுணா ஃபோல்டரில் பத்திரகாளியைத் தேடித் திறந்தாள். வயது முப்பத்து நான்கு. ஈசிஜி நார்மல். எல்லாமே நார்மல். 'தொடர்ந்து வேலை செய்யலாம்' என்று கீழே எழுதியிருந்தது. வேறு பத்திரகாளி இல்லை. ஃபோல்டரின் அடியில் எண்பத்தைந்து என்று காட்டியது.

எண்பத்தாறில் ஒன்று குறைகிறது. எக்செல்லுக்குத் திரும்பினாள். ஒன்பதாவது ஷீட்டில் அந்த ஐம்பத்திரண்டு வயதுப் பத்திரகாளி, நாற்பத்தொன்றாவதில் இன்னொருத்தி. தகப்பன் பெயர் வேறு, ஊர் வேறு, ஆனால் பி3-ல் இருவருக்கும் அதே பெயர். அம்மன் பேர் வைக்காத வீடு இந்தக் கரிசக்காட்டில் எங்கே இருக்கிறது? பாவி, அதை யோசித்தாளா! கையால் சேமித்த காலத்தில், இந்தப் பெயரில் ஏற்கனவே ஃபைல் இருக்கிறதே, மாற்றிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். மேக்ரோ கேட்காது. நாற்பத்தொன்றாவது ஷீட்டின் முறை வந்ததும் ஒன்பதாவதின் ஃபைல் இருந்த இடத்திலேயே புதியதை எழுதிவிட்டு, பேச்சு மூச்சில்லாமல் அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டது.

போனை எடுத்தாள். அவசரத்தில் முதல் முறை வேறு யாருக்கோ போய்விட்டது.

"அண்ணாச்சி, பத்திரகாளின்னு ரெண்டு பேரு இருக்காவள்ல, ரிப்போர்ட்டு யாருக்குக் குடுத்தீய?"

"ரெண்டு பேத்துக்குந்தான்." இசக்கிராஜா சாவகாசமாகச் சொன்னார். "ஒண்ணுதான் வந்துருந்துச்சு. பேரு ஒண்ணுதானேன்னு ரெண்டு காப்பி எடுத்துக் குடுத்துட்டேன். ஏன்?"

"பெரியவிய என்ன செய்யுதாவ இப்ப?"

"தீப்பெட்டி பண்டல் தூக்குதா. ஒரு வாரமா நெஞ்சு கரிக்கி, லீவு குடுங்கன்னு உயிர எடுத்தா. உனக்கு ஒண்ணுமில்ல, டாக்டரே வேல செய்யலாம்னு எழுதிருக்காருன்னு காட்டுனேன். நம்பல. படிச்சும் காட்டுனேன். பெறவு சிரிச்சிக்கிட்டே போயிட்டா."

"ஐயோ அண்ணாச்சி! அது அவிய ரிப்போர்ட்டு இல்ல. அவிய எதையும் தூக்கக் கூடாது. உக்கார வையுங்க, ஓடுங்க, இப்பவே ஓடுங்க!"

அவர் செருப்பு தரையில் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம் போனில் கேட்டது. பெண்களின் பேச்சு, எங்கோ ஒரு சிரிப்பு, லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். ஜான்பீட்டர் நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போட்டு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். சுகுணா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்திரகாளியம்மா, தாயே, இந்த ஒரு தடவை என்று வாய்விட்டே வேண்டினாள்.

"பத்திரகாளி! ஏட்டி பத்திரகாளி!" என்று அவர் கத்துவது கேட்டது. இரண்டு முறை. மூன்றாவது முறை குரல் இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி? அண்ணாச்சி, இருக்காவளா?"

மூச்சிரைக்க அவர் போனுக்கு வந்தார்.

"உக்காந்துதாம்மா இருக்கா. பண்டல்ல சாஞ்சு உக்காந்துருக்கா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா."