பலகை இறங்குவதற்கு ஒரு வாரம்

நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து கண்ணாடிக்காரம்மா யாரையும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. கம்பெனியின் பெயரில் எட்டு வருடம் மூக்குக்கண்ணாடி விற்றவள், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்று வக்கீலம்மா மூலம் பதிவுத் தபால் போட்டாள். மறுநாளே ஏரியா மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். கோபித்துக்கொள்ள வேண்டியவன் குழைந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நோட்டீஸில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. மூன்று மாத அவகாசம். பிரிக்காத ஃப்ரேம்களைக் கம்பெனி பில் விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டர்களை அவளே முடித்துக் கொடுப்பாள், அவர்களுடைய பவர் விவரங்களைக் கம்பெனியிடம் ஒப்படைப்பாள். வாசலில் ராத்திரியெல்லாம் எரியும் அந்தப் பெரிய விளக்குப் பலகை கடைசி நாள்வரை தொங்கும், அதன்பிறகு கழற்றிக் கொடுக்கப்படும்.

"பலகை விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை" என்று வக்கீலம்மா அழுத்திச் சொல்லியிருந்தாள். "ஒழுங்கா முடிச்சீங்கன்னா இதே இடத்துல உங்க பேர்லயே கடை போடலாம். நடுவுல பலகைய இறக்கினா ஒப்பந்தத்த மீறினதா ஆயிடும். அப்புறம் ரெண்டு வருஷம் இந்த ஊர்ல நீங்க கண்ணாடிக் கடையே வைக்க முடியாது."

அவளுக்கு வேறு தொழில் தெரியாது. கணவன் கப்பல் வேலையில். அவன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இந்தக் கடைதான் அவளுக்கு எல்லாம். அதனால் வக்கீலம்மா சொன்னதை மனசுக்குள்ளேயே பூட்டிவைத்தாள். ஒப்பந்தத்தைப் பீரோவில் பூட்டினாள். சாவி இடுப்பில்.

கடையில் கூட இருந்தது கொழுந்தன் ஒருவன்தான். லென்ஸ் தீட்டி ஃப்ரேமில் பொருத்துவது அவன் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். ஆனால் ஒரு மதியம் கடைக்குப் பின்னால் அவனும் மேனேஜரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன பேசிட்டிருந்த?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஸ்டாக் எப்ப எடுக்க வருவாங்கன்னு கேட்டேன்."

ஸ்டாக்கைப் பற்றிக் கேட்க அவ்வளவு ரகசியமா? அன்றிலிருந்து ஃப்ரேம் பெட்டிகளை எண்ணி முத்திரை ஒட்டும் வேலையை அவளே இழுத்துப்போட்டுக்கொண்டாள். அவன் போன் மணியடித்தால் காதைத் தீட்டிக்கொண்டாள். அவன் போனோடு வெளியே போனால் அவளுக்கும் வெளியே ஒரு வேலை வந்துவிடும். அவனிடம் பேசுவது "அத எடு", "இத வை" என்று சுருங்கிப்போனது. கம்பெனிக்கு விலைபோய்விட்டான் என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள். அவனிடம் பலகை விஷயத்தைச் சொல்வது திருடன் கையில் சாவியைக் கொடுப்பது போல என்பது அவள் கணக்கு.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. ஆர்டர்களை முடிப்பதற்காக லென்ஸ் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தவள், வெயில் தாழ்ந்து திரும்பினாள். தெருமுனையிலிருந்தே ஏதோ குறைவது தெரிந்தது. கடை நெற்றி மொட்டையாக இருந்தது. விளக்குப் பலகை இரண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருக்க, ஏணியின் பக்கத்தில் கொழுந்தன் கை தட்டித் தூசியை உதறிக்கொண்டிருந்தான்.

எதிர்ச்சாரியில் மேனேஜர், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தான்.

"கெடுவுக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்க போல மேடம். ஆபீஸுக்குச் சொல்லிடறேன்" என்றான். பதிலுக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அவள் கொழுந்தன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடிப்பாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

"எதுக்கு அண்ணி?"

"பலகைய இறக்கறதுக்கு."

அவன் முகம் செத்துப்போனது. கதவின் பின்பக்கத்தைக் கையால் காட்டினான். அங்கே பழைய துணியில் சுற்றி ஒரு புதுப் பலகை நின்றது. துணியை விலக்கினாள். கொட்டை எழுத்தில் அவள் பெயர், அதன் கீழே 'கண்ணாடியகம்'. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"கடைசி நாள் வரைக்கும் ஏன் காத்திருக்கணும், முன்னாடியே இறக்கினா கம்பெனி ஒண்ணும் சொல்லாதுன்னு அவர்தான் சொன்னாரு. அன்னிக்குப் பின்னாடி நின்னு அதத்தான் பேசினோம். நீங்க வர்றதுக்குள்ள உங்க பேர மாட்டிடலாம்னு..."

"அவன் சொன்னா நம்பிடுவியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கற மாதிரியா இருந்தீங்க? மூணு மாசமா நீங்க என்கிட்ட முகம் குடுத்தே பேசலயே அண்ணி. அவர் ஒருத்தர்தான் பேசினாரு."

அவள் கை தானாகக் காலரை விட்டது. வக்கீலம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. போட்டு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.