மச்சான் பார்த்த வண்டி

சின்ன கான்ட்ராக்டர் நான். மெக்கானிக்கான தன் தம்பி பார்க்காமல் மண் தோண்டும் பழைய பேக்ஹோ வண்டியை வாங்கவே கூடாது என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். மச்சானைப் பழைய வண்டி விற்கும் யார்டுக்குக் கூட்டிப்போனேன்.

வண்டி மூவாயிரம் மணி நேரம்தான் ஓடியிருப்பதாக மீட்டர் காட்டியது. மச்சான் பெடலைத் தடவினான். "ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சிருக்கு. மீட்டரை மாத்திருக்காங்க மாமா."

தோண்டும் கையை உயரத் தூக்கி இன்ஜினை அணைத்தான். கை தானாகவே மெல்ல இறங்கியது. "சிலிண்டர் சீல் போச்சு."

ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பினான். சக்கரம் கடகடவென்று ஆடியது. "சக்கரத்தைத் தாங்குற கிங்பின்னும் அவுட். இதை எந்தக் கேனயன் வாங்குவான்?"

அவன் வண்டியின் மறுபக்கம் போகப் பார்த்தான். "போதும்டா, வா, டீ குடிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

யார்டுக்காரர் சிரித்தார். "சார் நேத்தே மீட்டரைப் பாத்து ஓகே சொல்லிட்டாரே!"

மச்சான் என் கையை உதறிவிட்டு மறுபக்கம் போனான். அந்தக் கதவில் கொட்டை எழுத்தில் என் பெயர். பெயின்ட் இன்னும் காயவில்லை.

விரலில் ஒட்டியதைத் துடைத்தபடி சொன்னான்: "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா."