பழைய எண்ணுக்குப் புதுக் காரணம்

நாவலூர் ஆபீஸில் காலை டெலிவரி ரிப்போர்ட் திறப்பதற்குள் கேன்டீனுக்குப் போய் டிபனே முடித்துவிட்டு வரலாம். புரோகிராமர் கோகிலவாணி காரணத்தை எப்போதோ சொல்லிவிட்டாள்.

"சார், தேதிக்கு இண்டெக்ஸ் இல்ல. நேத்து கணக்கைக் கேட்டா, கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்லா டெலிவரியையும் துழாவுது. இண்டெக்ஸ் போட்டு, தினம் ராத்திரி கூட்டுத்தொகையை ஒரு சம்மரி டேபிள்ல எழுதி வெச்சா போதும்."

மேனேஜர் அப்பாதுரைக்கு அதெல்லாம் பொறுக்குமா? ஏதோ வீடியோ பார்த்த ஞானத்தில், திங்கட்கிழமை தானே ஒரு கேஷ் வைத்தார். ஒருமுறை வந்த விடையைச் சேமித்துக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் அதையே நீட்டும் ஏற்பாடு. ரிப்போர்ட் பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த விடை எப்போது காலாவதி ஆக வேண்டும் என்று சொல்ல மட்டும் மகானுக்கு மறந்துபோனது.

மேலே தேதி சமத்தாக மாறியது. கீழே திங்கட்கிழமை எண்களே நின்றன. தாம்பரத்தில் டெலிவரி குறைந்ததற்கு, காலை மீட்டிங்கில் அப்பாதுரை செவ்வாயன்று மழை என்றார், புதனன்று டிராபிக் என்றார், வியாழனன்று சிட்லபாக்கத்தில் திருவிழா என்றார். அத்தனை தலைகளும் ஆடின. ஒரு தலைக்காவது எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

எண்கள் மாறாததைக் கவனித்த கோகிலவாணி, வியாழன் சாயங்காலமே இண்டெக்ஸ் போட்டாள். சம்மரி டேபிளை நிரப்பினாள். அது புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கேஷ் தானே அழியும்படி செய்தாள்.

வெள்ளிக்கிழமையும் ரிப்போர்ட் கண் இமைப்பதற்குள் வந்தது. தாம்பரத்தில் டெலிவரி ஏறியிருந்தது. அப்பாதுரை திரையை முறைத்தார்.

"ரிப்போர்ட்ல கை வெச்சியாம்மா? வாரம் பூரா கரெக்டா வந்த நம்பர் இன்னைக்கு மாறிப்போச்சே!"

அத்தனை தலைகளும் ஆடின.